தவணை நீட்டிக் கேட்கும் கடிதத்தில் நாளை மட்டும் எழுதினால் போதாது

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். போன தீபாவளி முடிந்த வாரம், சிவகாசிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். விருதுநகரில் அவருக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிக்கு எழுதியது. 'தாழ்மையுடன்' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. 'ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று முடிந்திருந்தது. ஒரு தொகையோ தேதியோ இல்லை.

அவருடைய நிலைமை நியாயமானதுதான். தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வாரச் சம்பளத்தில் கடைப் பாக்கியைக் கட்டும் குடும்பங்களுக்கு அந்த வாரங்களில் கையில் காசு இருக்காது. ஆனால் அரிசி, பருப்பு வாங்காமல் இருக்க முடியுமா? கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிறார். மொத்தக் கடையிலோ 21 நாள் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஒரு மாதம்' என்றால் எதிலிருந்து ஒரு மாதம்? பில் தேதியிலிருந்தா, கடிதத் தேதியிலிருந்தா? பழைய பாக்கிக்கா, இனி எடுக்கும் சரக்குக்குமா? இதைப் படிக்கும் மொத்த வியாபாரி மனதில் ஒரு கேள்விதான் ஓடும்: என் பணம் அதிகபட்சம் எவ்வளவு உன்னிடம் நிற்கும்? நாம் நாளில் கேட்கிறோம், அவர் தொகையில் யோசிக்கிறார். கடிதம் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பாக்கியைச் சரிபார்த்தோம். கடைக்காரர் நோட்டில் 1,20,000 ரூபாய். மொத்தக் கடைக் கணக்குப்பிள்ளையிடம் லெட்ஜர் கேட்டு வாங்கினால் 1,22,400. திருப்பி அனுப்பிய பருப்புக்கு கிரெடிட் நோட் இன்னும் ஏறவில்லை. அதைச் சொல்லித் திருத்திய பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 'இவ்வளவு தர வேண்டியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது கடனை ஒப்புக்கொண்ட ஆவணம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, அந்த வரம்பு முடிவதற்குள் இப்படி எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். நேர்மையாகத் தர நினைப்பவருக்கு இதில் பயம் இல்லை. ஆனால் தொகை தவறாக இருந்தால், அந்தத் தவறுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.

முதல் பில் நவம்பர் 1 அன்று கெடு. கடிதம் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டிய பிறகு எழுதினால் அது வேண்டுகோளாக இருக்காது, சமாதானமாகத்தான் தெரியும். போனில் கடைக்காரர் மொத்த வியாபாரியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கடிதத்தில் ஐயா என்று எழுதினோம்.

நாள்: 27.10.2025

பொருள்: பில் தவணையை 21 நாளிலிருந்து 35 நாளாகத் தற்காலிகமாக நீட்டித்துத் தர வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடையில் வாரந்தோறும் மளிகைச் சரக்கு எடுத்து, 21 நாள் தவணையில் பணம் செலுத்தி வருகிறேன். இன்றைய தேதியில் தங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.1,20,000. (11.10.2025 பில் ரூ.42,600, 18.10.2025 பில், திரும்பிய சரக்கு போக, ரூ.45,900, 25.10.2025 பில் ரூ.31,500.)

பட்டாசு ஆலைகள் விடுமுறையில் இருப்பதால், என் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பணம் தாமதமாகிறது. எனவே மேற்கண்ட மூன்று பில்களுக்கும், 29.11.2025 வரை எடுக்கும் சரக்குக்கும் பில் தேதியிலிருந்து 35 நாள் தவணை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் வாரக் கொள்முதலை ரூ.30,000க்குள் வைத்துக்கொள்கிறேன். அதனால் எந்த நாளிலும் பாக்கி ரூ.1,80,000ஐத் தாண்டாது. 06.12.2025 முதல் எடுக்கும் சரக்குக்குப் பழையபடி 21 நாள் தவணையே போதும். அதற்காக அன்று முதல் 03.01.2026 வரை ஐந்து சனிக்கிழமைகளிலும் ரூ.42,000 வீதம் செலுத்துகிறேன்.

தங்கள் முடிவை இக்கடிதத்தின் நகலில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், கடை முத்திரை)

1,80,000 எப்படி வந்தது? 35 நாள் தவணையில் முதல் பில்லுக்கான பணம் நவம்பர் 15 அன்றுதான் போகும். அதற்கு முன் நவம்பர் 1, 8 தேதிகளில் இரண்டு பில் சேரும். 1,20,000த்தோடு இரண்டு 30,000. அதுதான் உச்சம்.

அடுத்தது 42,000 கணக்கு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். தவணையை நீட்டும்போது இரண்டு வாரம் பணம் கட்டாமல் மூச்சு விடலாம். பழைய தவணைக்குத் திரும்பும்போது அந்த இரண்டு வாரமும் திரும்பி வந்து நிற்கும். நவம்பர் 22 பில் 35 நாளில் டிசம்பர் 27 அன்று கெடு. டிசம்பர் 6 பில் 21 நாளில் அதே டிசம்பர் 27 அன்று கெடு. அடுத்த வாரம் ஜனவரி 3 அன்றும் இப்படியே இரண்டு பில். பொங்கல் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரே நாளில் 60,000 எப்படிப் புரட்டுவது? அதனால் கூடுதல் 60,000த்தை ஐந்து வாரத்துக்குப் பிரித்தோம். வழக்கமான 30,000த்தோடு வாரம் 12,000. ஆலை திறந்து சம்பளம் வரத் தொடங்கியபின் அந்தக் கடையால் அது முடியும் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினோம். முடியாத தொகையை எழுதுவதைவிட 40 நாள் கேட்பது மேல்.

அதிகம் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சரக்கு தருபவர் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளராக, உதாரணமாகப் பருப்பு மில்லாக இருந்தால், எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நம் விருதுநகர்க்காரர் அந்த வகை.

பின்தேதியிட்ட செக் தருகிறேன் என்று கடிதத்தில் நாமாக எழுத வேண்டாம் என்றேன். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் அது குற்ற வழக்கு. நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டியாக வேண்டும். வெறும் பாக்கி அப்படி இல்லை. அவர்களே கேட்டால், சனிக்கிழமை வசூல் வங்கியில் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் விட்டுத் தேதி போடுங்கள்.

நான்காம் நாள் நகல் திரும்பி வந்தது. 35 நாளுக்குச் சம்மதம், ஆனால் எண்ணெய் மட்டும் ரொக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாரம் 30,000த்தில் எண்ணெய் ஏறக்குறைய 8,000. அந்தப் பணத்தை உடனே எடுத்துவைக்க வேண்டும். கடன் சரக்கு 22,000 ஆகிவிடுவதால் உச்சப் பாக்கியும் 1,64,000ஆகக் குறையும். கடைக்காரரை உட்காரவைத்து, ஐந்து சனிக்கிழமைக் கணக்கையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். வாரம் 42,000 என்பது 30,800 ஆனது.