"அடிக்கடி" என்று எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள்

உடன் வேலை செய்பவர் உடையையும் உடம்பையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று மேலாளருக்கு எழுதும்போது, "அவர் அடிக்கடி தப்பாகப் பேசுகிறார்" என்ற வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு மேலாளர் அவரிடம் எதைக் கேட்பார்? "நான் அப்படிப் பேசவே இல்லையே" என்ற பதிலோடு விஷயம் அடங்கிவிடும். கீழே உள்ளதைப் போல எழுதினால் அப்படி நழுவ முடியாது.

"மார்ச் 4, காலை சுமார் 10.15, பில்லிங் பிரிவு. 'இந்தப் புடவையில உன்னப் பார்த்தா வேலையே ஓட மாட்டேங்குது' என்றார். 'இப்படிப் பேசாதீங்க சார்' என்றேன். பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார்.

மார்ச் 11, மதியம் 1.30, கேன்டீன். அதே பேச்சு, இரண்டு பேர் எதிரில்.

மார்ச் 19, இரவு 9.40. என் புரொஃபைல் படத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதியது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்."

சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுத வேண்டும். கூச்சப்பட்டு "தகாத சொல்" என்று மாற்றினால் அதன் கனம் போய்விடும். தேதி நினைவில்லை என்றால் ஊகிக்காமல், "மாத ரிவ்யூ நடந்த வாரம்" என்று எழுதினால் போதும். நீங்கள் குறித்த நாளில் அவர் லீவில் இருந்திருந்தால், மற்ற இரண்டு சம்பவங்களையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள். அன்றன்றைக்கே குறித்துவைப்பது இதற்காகத்தான். "கெட்ட எண்ணத்தோடு பேசினார்" என்பது உங்கள் முடிவு, அதை விட்டுவிடலாம். "மார்ச் 12 முதல் கேன்டீனுக்குப் போவதில்லை" என்பது நடந்தது, அது இருக்கட்டும்.

மெயிலை மேலாளருக்கு மட்டும் அனுப்புங்கள். சப்ஜெக்ட் வரியில் யார் பெயரும் வேண்டாம். மீட்டிங்கில் புரொஜெக்டர் ஓடும்போது அந்த வரி திரையில் எட்டிப்பார்க்கும். சாட்சிகளின் பெயரைத் தருவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள், "யாருக்கும் தெரியாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். விசாரணைக் குழுவுக்குப் போனால், புகாரின் ஒரு நகல் எதிர்த்தரப்புக்கும் அனுப்பப்படும்.

பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மேலாளருக்கு எழுதிய மெயில் அந்தக் குழுவிடம் கொடுத்த புகார் ஆகாது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் பாதிக்கப்பட்ட பெண் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு அதைப் பதிவுசெய்து, மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நம் உதாரணத்தில் கெடு ஜூன் 19. மேலாளர் "பார்க்கலாம்மா, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாரங்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மெயிலின் கடைசியில், "ஏப்ரல் 5க்குள் பதில் வராவிட்டால் உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்துப் பேருக்கும் குறைவான இடமென்றால், புகார் போக வேண்டியது மாவட்ட அளவிலான குழுவுக்கு.