பிபிஎஸ்: அலகளவு நேர்விகித நிகழ்தகவுக் கூறெடுப்பு

வீட்டுக்கு வீடு நடக்கும் பெரிய ஆய்வுகளின் அறிக்கையில் முறை பற்றிய பகுதியைத் திறந்தால், 'முதல் கட்டத்தில் கிராமங்கள் பிபிஎஸ் முறையில் தெரிவு செய்யப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும். 'ப்ராபபிலிட்டி புரொபோர்ஷனல் டு சைஸ்' என்பதன் சுருக்கம்தான் பிபிஎஸ். ஓர் ஊர் தெரிவில் விழும் வாய்ப்பு அந்த ஊரின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். 600 வீடுள்ள ஊருக்கு 80 வீடுள்ள ஊரைப்போல ஏழரை மடங்கு வாய்ப்பு கிடைக்கும். இங்கே 'அளவு' என்பது பரப்பளவு அல்ல, ஊரிலுள்ள வீடுகளின் எண்ணிக்கை அல்லது மக்கள்தொகை.

பெரிய ஊருக்கு இப்படிச் சலுகை தருவது அநியாயம் என்று முதலில் தோன்றும். தெரிவான ஊரில் வீடுகளை எடுக்கும் இரண்டாம் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். எட்டு ஊர்கள் உள்ள ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். மூன்று ஊர்களைத் தெரிந்தெடுத்து, ஊருக்கு 20 வீடு எடுக்க வேண்டும்.

| ஊர் | வீடுகள் | கூட்டிவந்த தொகை |
|---|---|---|
| 1 | 120 | 120 |
| 2 | 450 | 570 |
| 3 | 80 | 650 |
| 4 | 310 | 960 |
| 5 | 600 | 1560 |
| 6 | 95 | 1655 |
| 7 | 240 | 1895 |
| 8 | 505 | 2400 |

மொத்தம் 2400 வீடுகள், வேண்டியது மூன்று ஊர்கள். 2400-ஐ 3-ஆல் வகுத்தால் இடைவெளி 800. 1 முதல் 800 வரை ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுக்க வேண்டும். 612 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் 800 கூட்டினால் 1412, மீண்டும் 800 கூட்டினால் 2212. அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் 612 விழுவது 571-க்கும் 650-க்கும் இடையில், அதாவது ஊர் 3. 1412 ஊர் 5-லும் 2212 ஊர் 8-லும் விழுகின்றன. தெரிவு முடிந்தது.

ஊர் 5 தெரிவாகும் நிகழ்தகவு 3 × 600 ÷ 2400, அதாவது 0.75. அங்கே 600 வீட்டில் 20 எடுப்பதால் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 30-இல் 1. இரண்டையும் பெருக்கினால் 40-இல் 1. ஊர் 3 தெரிவாகும் நிகழ்தகவு 0.1 மட்டுமே. ஆனால் அங்கே இருப்பதே 80 வீடு, அதில் 20 எடுக்கிறோம், அதாவது 4-இல் 1. பெருக்கினால் அதுவும் 40-இல் 1. ஊர் 8-க்குப் போட்டாலும் இதே விடைதான். பெரிய ஊருக்கு முதல் கட்டத்தில் கொடுத்ததை இரண்டாம் கட்டம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. வட்டாரத்தின் எந்த வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு, எந்த ஊருக்குப் போனாலும் களப்பணியாளருக்கு ஒரே வேலைப்பளு. இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பதால்தான் வீட்டு ஆய்வுகள் இந்த முறையை விடுவதில்லை.

இரண்டு கட்டங்களையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கலப்பதே அதிகம் நடக்கும் பிழை. ஊர்களைப் பிபிஎஸ் முறையில் தெரிந்துவிட்டு, 'ஊருக்குப் பத்து சதவீதம் வீடு' என்று எடுத்தால் பெரிய ஊருக்கு இரண்டு இடத்திலும் ஆதாயம் சேர்கிறது. ஊர் 5-இன் வீட்டுக்கு 0.075, ஊர் 3-இன் வீட்டுக்கு 0.01. இதற்கு நேர்மாறாக, எல்லா ஊரையும் சமமாகக் குலுக்கிப்போட்டு எடுத்துவிட்டு ஊருக்கு 20 வீடு என்று வைத்தால், சிற்றூரின் வீட்டுக்கு ஏழரை மடங்கு வாய்ப்பு கிடைத்துவிடும். இரண்டிலுமே வாய்ப்பு குறைந்த வீட்டுக்குக் கூடுதல் கனம் கொடுத்து, அதாவது எடையிட்டு, சரிசெய்ய வழியுண்டு. எடையிடாமல் நேரடிச் சராசரி போட்டு வெளியிடும்போதுதான் முடிவு கோணலாகிறது.

இந்த முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டது, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தைச் சேர்ந்த மாரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் இருவரும் 1943-இல் வெளியிட்ட கட்டுரை. மேலே செய்ததுபோல் தொகைகளைக் கூட்டி வரிசையாக இடைவெளி போடும் வடிவத்தை 1949-இல் வில்லியம் மேடோ ஆராய்ந்தார். கணினி இல்லாத அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குத் தொகை கூட்டிக்கொண்டு வருவது பெரும் உழைப்பு. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் டி. பி. லாஹிரி 1951-இல் அந்த உழைப்பைத் தவிர்க்க ஒரு வழி சொன்னார். இரண்டு சமவாய்ப்பு எண்களை எடுக்க வேண்டும். ஒன்று ஊரின் வரிசை எண், மற்றொன்று 1 முதல் மிகப்பெரிய ஊரின் அளவு வரை, நம் பட்டியலில் 600 வரை. இரண்டாம் எண் அந்த ஊரின் வீட்டு எண்ணிக்கைக்குள் அடங்கினால் ஊரை ஏற்க வேண்டும், மிஞ்சினால் விட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். (3, 212) வந்தால் 212 என்பது 80-ஐ மிஞ்சுகிறது, ஊர் 3 கிடையாது. (7, 188) வந்தால் 240-க்குள் அடங்குகிறது, ஊர் 7 தெரிவாகிறது. கூட்டலே இல்லாமல் நேர்விகிதம் வந்துவிடுகிறது. என்ன அழகான யோசனை! இதில் ஒரே ஊர் மறுபடியும் வரலாம். வந்தால் அங்கே இரண்டு பங்கு வீடுகள் எடுக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். நிகழ்தகவு, நேர்விகிதம், கூறெடுப்பு மூன்றும் நம் பாடநூல்களில் நிலைபெற்றவை, அவற்றில் சிக்கலில்லை. 'சைஸ்' என்பதை வெறுமனே 'அளவு' என்று வைக்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. புள்ளியியல் பாடத்தில் 'கூறின் அளவு' என்பது எத்தனை வீடு எடுக்கிறோம் என்பதைக் குறிக்கும். 'அளவுக்கு நேர்விகிதம்' என்று படிக்கும் மாணவர் அதையே இதுவென்று எண்ணி, பெரிய ஊரில் அதிக வீடு எடுப்பதுதான் பிபிஎஸ் என்று புரிந்துகொள்கிறார். அது விகிதாசார ஒதுக்கீடு, வேறொரு முறை. எனவே எதன் அளவு என்பதைச் சொல்லிலேயே காட்டுவது நல்லது. தெரிவுக்கு உள்ளாகும் ஊரோ வார்டோ ஓர் அலகு, அதன் அளவு அலகளவு. 'அலகளவு நேர்விகித நிகழ்தகவுக் கூறெடுப்பு' என்பது நீளம்தான், ஆனால் பிழையாகப் படிக்க இடம் கொடுக்காது. களத்தில் பேச 'ஊரளவுக்கேற்ற தெரிவு' போதும். 'விகிதாசாரக் கூறெடுப்பு' என்று சுருக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: பட்டியலில் உள்ள வீட்டு எண்ணிக்கையும் இன்று ஊரில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி இருப்பது அரிது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வைத்துத்தான் ஊர்களைத் தெரிந்தெடுத்தது. அதனால் தெரிவான ஊரில் முதலில் வீட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும், களத்தில் 'லிஸ்டிங்' என்கிறார்களே அது. பட்டியல் எடுத்தபோது ஊர் 5-இல் 750 வீடு, ஊர் 3-இல் 64 வீடு என்று தெரிகிறது என்போம். ஊரைத் தெரிந்தெடுத்த நிகழ்தகவு பழைய எண்ணால் அமைந்தது, அது மாறாது. வீட்டைத் தெரிந்தெடுக்கும் நிகழ்தகவு புதிய எண்ணால் அமைகிறது.

```
நிகழ்தகவு = (m × M_i / M) × (b / L_i)
எடை = 1 / நிகழ்தகவு
```

இதில் m தெரிந்தெடுக்கும் ஊர்களின் எண்ணிக்கை, M_i ஊரின் பழைய வீட்டு எண்ணிக்கை, M பழைய மொத்தம், b ஊருக்கு எடுக்கும் வீடு, L_i புதிய பட்டியலில் வந்த எண்ணிக்கை. ஊர் 5-க்கு 0.75 × 20 ÷ 750, அதாவது 50-இல் 1. ஊர் 3-க்கு 0.1 × 20 ÷ 64, அதாவது 32-இல் 1. ஊர் 8 மாறாதிருந்தால் பழையபடி 40-இல் 1. 'பிபிஎஸ் என்றால் எடையே வேண்டாம்' என்ற பேச்சு இங்கே செல்லாது. 50, 32, 40 என்ற எடைகளை இட்டே கணக்குப் போட வேண்டும். சரிபார்க்கவும் இதுவே வழி: ஒவ்வோர் எடையையும் 20-ஆல் பெருக்கிக் கூட்டினால் 1000 + 640 + 800 = 2440. வட்டாரத்தின் இன்றைய வீட்டு எண்ணிக்கையின் மதிப்பீடு அது. மூன்றே ஊர் என்றால் அது இப்படியும் அப்படியும் ஆடும். பல ஊர்கள் உள்ள ஆய்வில் இந்தக் கூட்டுத்தொகை நம்பத்தக்க வேறு கணக்கிலிருந்து வெகுதூரம் விலகினால், யாரோ L_i இருக்கவேண்டிய இடத்தில் M_i போட்டிருக்கிறார், அல்லது வீட்டுப் பட்டியலே குறையாக வந்திருக்கிறது.

வீட்டுப் பட்டியல் குறைவதற்கு நம் பக்கத்தில் ஒரு நிலையான காரணம் உண்டு. கணக்கெடுப்பின் 'கிராமம்' என்பது வருவாய் கிராமம். அதன் எல்லைக்குள் முதன்மை ஊர், தள்ளியிருக்கும் காலனி, இரண்டு மூன்று குக்கிராமங்கள், தோட்டத்து வீடுகள் எல்லாம் அடங்கும். பணியாளர் ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டு போய் முதன்மை ஊரை மட்டும் பட்டியலிட்டுத் திரும்பினால், காலனி மக்கள் ஆய்விலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். எந்த எடையும் அதை மீட்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லையைக் கேட்டு, குக்கிராமங்களின் பெயர்களை எழுதி வாங்கி, கைவரைபடத்தில் குறித்த பிறகே முதல் வீட்டுக்கு எண் போட வேண்டும். நகரத்தில் இதே தொல்லை வார்டு மறுவரையறையால் வருகிறது. பழைய எல்லைக்குரிய மக்கள்தொகையைப் புதிய வார்டு எண்ணுக்கு நேரே ஒட்டிவிடுகிறார்கள். வார்டுக்குப் பதிலாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு தொகுதிகளையே அலகாக வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

அளவு எல்லை மீறிய ஊர்களைத் தெரிவுக்கு முன்பே கவனிக்க வேண்டும். இடைவெளி 800 ஆக இருக்கையில் ஓர் ஊரில் 900 வீடு இருந்தால் அது கட்டாயம் விழும், சில தொடக்க எண்களுக்கு இரண்டு முறையும் விழும். இரண்டாவதைத் தள்ளிவிட்டு அடுத்த ஊரை எடுப்பது பிழை, அங்கேயே 40 வீடு எடுப்பதுதான் சரி. சிறிய ஊரில் 12 வீடுதான் என்றால் 20 எடுக்கவே முடியாது, அதை அண்டை ஊரோடு சேர்த்து ஓர் அலகாக்கிவிட வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வு 40 வீட்டுக்குக் குறைந்த கிராமங்களை இப்படி இணைத்தது. 300 வீடோ அதற்கு மேலோ உள்ளவற்றை 100–150 வீடுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, அவற்றில் இரண்டை அளவுக்கேற்பத் தெரிந்து, அங்கே மட்டும் பட்டியல் எடுத்தது. துண்டு போட்டால் துண்டு தெரிவான நிகழ்தகவும் மேலே உள்ள பெருக்கலில் சேர வேண்டும். அதைத் தாளில் குறிக்காமல் களம் முடிந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அந்த எடையைக் கண்டுபிடிக்க முடியாது.