'அங்கிள்' நிறத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்

நேர்முகத் தேர்வுகளில், தானே சமநிலை காக்கும் பைனரி தேடல் மரமான சிவப்பு-கருப்பு மரம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதில்தான் வரும். "அங்கிள் ரெட்னா கலர் மாத்தணும், அங்கிள் பிளாக்னா ரொட்டேட் பண்ணணும்." அங்கிள் என்றால் தாய் நோட்டின் உடன்பிறந்த நோட். பதில் சரிதான். ஆனால் ஏன் என்று கேட்டால் அமைதி. காரணம் நிறத்தில் இல்லை, 2-3 மரத்தில் இருக்கிறது.

2-3 மரத்தை 1970இல் ஜான் ஹாப்கிராஃப்ட் உருவாக்கினார். அதில் ஒரு நோட் ஒரு கீயோ இரண்டு கீயோ வைத்திருக்கலாம். ஒரு கீ என்றால் இரண்டு பிள்ளைகள், இரண்டு கீ என்றால் மூன்று. இலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். புதிய கீ எப்போதும் இருக்கிற இலைக்குள்தான் நுழையும். அங்கே மூன்று கீ சேர்ந்துவிட்டால் நோட் பிளந்து, நடுக் கீ மேலே தாய் நோட்டுக்குப் போகும். ஆக மரம் கீழ்நோக்கி நீளாது. வேர் பிளக்கும்போது மட்டுமே உயரம் கூடும். சமநிலை குலையாததற்கு இதுதான் காரணம்.

எழுதுவதுதான் தொல்லை. இரண்டு வகை நோட், அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் நிரல், ஏகப்பட்ட கிளைகள். அதனால் இரண்டு கீ உள்ள நோட்டைச் சாதாரண பைனரி நோட்டுகள் இரண்டாக உடைத்து, அவற்றுக்கிடையே உள்ள இணைப்புக்குச் சிவப்பு அடிக்கிறோம். "இந்த இரண்டும் உண்மையில் ஒரே நோட்" என்பதுதான் சிவப்பின் பொருள். கருப்பு இணைப்பு மட்டுமே ஒரு மட்டம் கீழே இறங்குகிறது. இணைப்பின் நிறத்தைப் பிள்ளை நோட்டில் ஒரே ஒரு பிட்டில் வைத்துக்கொள்கிறோம். எல்லாப் பாதையிலும் கருப்பின் எண்ணிக்கை சமம் என்ற விதி, இலைகள் ஒரே மட்டம் என்பதன் மறுவடிவம்தான். இந்த நிறச் சட்டகத்தை 1978இல் லியோ கீபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் வெளியிட்டார்கள்.

10, 20, 30, 40, 50 என்று வரிசையாகச் செருகிப் பார்ப்போம். சாதாரண பைனரி மரமாக இருந்தால் இது நேரே ஒரு சங்கிலியாகிவிடும். இங்கே சிவப்பு இடப்பக்கம் மட்டுமே சாயலாம் என்று வைத்துக்கொள்வோம்.

20 வந்ததும் 10இன் வலப்பக்கம் சிவப்பாக ஒட்டும். இடச்சுழற்சி செய்தால் 20 மேலே கருப்பு, 10 அதன் இடப்பக்கம் சிவப்பு. 2-3 மரத்தில் இது [10 20]. அடுத்து 30 வலப்பக்கம் சிவப்பாக வருகிறது. இப்போது 20க்கு இரண்டு பக்கமும் சிவப்பு, அதாவது [10 20 30]. நோட் நிரம்பி வழிகிறது, பிளக்க வேண்டும். செய்வது நிறப் புரட்டு மட்டுமே: 10, 30 கருப்பாகின்றன, 20 சிவப்பாகிறது. பிள்ளைகள் கருப்பானதால் தனி நோட்டுகளாகப் பிரிந்தன. 20 சிவப்பானதால் தாயோடு ஒட்டிக்கொண்டது, அதாவது நடுக் கீ மேலே போய்விட்டது. ஒரு பாயின்டர்கூட நகரவில்லை. இங்கே 20க்குத் தாய் இல்லை, அதுவே வேர். ஆகவே கருப்பாக்கிவிடுகிறோம், உயரம் ஒன்று கூடுகிறது.

40 வந்து [30 40] ஆகும். 50 வந்ததும் அது நிரம்பிப் பிளக்கும்: 30, 50 கருப்பு, 40 சிவப்பு. ஆனால் 40 இப்போது 20இன் வலப்பக்கச் சிவப்பு. இடச்சுழற்சி செய்தால் வேர் 40, இடப்பக்கம் சிவப்பு 20. 2-3 மரத்தில் [20 40], கீழே 10, 30, 50.

அப்புறம் அந்த 'அங்கிள்' கதை. ஜாவாவின் `TreeMap` மாதிரியான வழக்கமான வடிவங்களில் மூன்று கீ உள்ள நோட்டும் தங்கலாம், ஆகவே அடியில் இருப்பது 2-3-4 மரம். அங்கிள் சிவப்பு என்றால் நோட்டில் ஏற்கெனவே மூன்று கீ இருக்கிறது, பிளந்தே ஆக வேண்டும். கருப்பு என்றால் இடம் இருக்கிறது, சுழற்றி ஒழுங்குபடுத்தினால் போதும். கேள்வி ஒன்றுதான்: நோட் நிரம்பிவிட்டதா?

நிரல் மறுஆய்வில் நான் முதலில் பார்ப்பது சுழற்சியில் நிறம் கைமாறுகிறதா என்பதை. மேலேறும் நோட் பழைய நிறத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், கீழிறங்குவது சிவப்பாக வேண்டும். இதை விட்டுவிட்டால் தேடலும் சரியாக நடக்கும், வரிசையும் சரியாக வரும், வழக்கமான டெஸ்ட் எல்லாம் பாஸாகும். சமநிலை மட்டும் போய்விடும். இந்தச் சோதனை அதைப் பிடிக்கும்:

```python
def bh(h):
    if h is None:
        return 0
    l, r = bh(h.left), bh(h.right)
    assert l == r, h.key
    return l + (0 if h.red else 1)
```

மேலே 20 வந்த கட்டத்தில் நிறம் மாற்றாமல் சுழற்றினால் 10 கருப்பாகவே நிற்கும். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0, இரண்டாவது கீயிலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வந்தால் இது கண்டுகொள்ளாது, அதற்குத் தனியாக ஒரு `assert` வேண்டும். நீக்கலையும் இதே கண்ணோடு படிக்கலாம்: ஒற்றைக் கீ நோட் காலியாகிவிடாமல் இருக்க, பக்கத்து நோட்டோடும் தாயின் கீயோடும் சேர்க்கிறோம். அது இதே நிறப் புரட்டு, எதிர்த் திசையில்.