கவுண்டரில் சொல்லாமல் விட்ட ஜிஎஸ்டி எண்

கோத்தகிரியில் பேக்கரி நடத்தும் என் வாடிக்கையாளர் ஒருவர், ஊட்டியில் ஒரு கடையில் 40,000 ரூபாய்க்கு டீப் பிரீசர் வாங்கினார். 18 சதவீத வரி 7,200 ரூபாய் சேர்ந்து பில் 47,200 ரூபாய்க்கு வந்தது. மாதக் கணக்குக்காக அவர் என்னிடம் நீட்டிய பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரி விவரம் எல்லாம் சரியாக இருந்தன. வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘ரொக்க விற்பனை’ என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே அவரே தம் ஜிஎஸ்டி எண்ணைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

கடைக்காரர் மீது குற்றம் சொல்ல முடியாது. ஜிஎஸ்டியில் பதிவு பெறாத ஒருவருக்கு விற்கும்போது, பொருளின் வரிக்கு முந்தைய மதிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், அவர் கேட்டாலொழியப் பெயரும் முகவரியும் பில்லில் வேண்டியதில்லை. 200 ரூபாய்க்கும் குறைவான விற்பனையில், வாங்குபவர் கேட்காவிட்டால் தனி பில்லே போடாமல், அன்றைய விற்பனை முழுவதற்கும் சேர்த்து மாலையில் ஒரே பில் போட்டுக்கொள்ளலாம். சுற்றுலாக் காலத்தில் தேயிலைப் பொட்டலம் விற்கும் கடைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வாங்குபவர் பதிவு பெற்ற வணிகர் என்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் அவருடைய பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். வந்திருப்பவர் வணிகர் என்பது அவர் சொன்னால்தானே கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும்?

பேனாவால் எழுதிய எண் ஏன் உதவாது என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. கடைக்காரர் தாக்கல் செய்யும் GSTR-1 படிவத்தில் வணிகர்களுக்கு விற்றவை பில் வாரியாகத் தனித்தனியே பதிவாகின்றன; மற்றவர்களுக்கு உள்ளூரில் விற்றவையோ வரி விகிதவாரியாக ஒரே கூட்டுத்தொகையாகப் போய்விடுகின்றன. நம் பிரீசர் அந்தக் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிட்டதால், விற்றவர்கள் பதிவு செய்த பில்களை வைத்து பேக்கரிக்காரருக்கு வரும் GSTR-2B அறிக்கையில் அந்த பில் வரவே இல்லை. அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், 7,200 ரூபாயும் அவருடைய கைச்செலவாகவே நின்றது.

திருத்த வழி உண்டு என்றாலும் அது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. அவர் அடுத்த மாத GSTR-1 படிவத்தில் முந்தைய கூட்டுத்தொகையிலிருந்து 40,000 ரூபாயைக் குறைத்து, அதே பில்லை வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணோடு வணிகர் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அவர் கட்டிய வரி இதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் இதற்கு அவகாசம். நாங்கள் இரண்டு முறை போன் செய்த பிறகு, அந்தக் கடைக்காரர் விவரம் திருத்திய பில்லையும் கொடுத்து, படிவத்திலும் மாற்றினார். அதற்கடுத்த 14-ஆம் தேதி GSTR-2B அறிக்கையைத் திறந்தபோது பிரீசர் பில் அதில் இருந்தது.