பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும்: எந்த முறையில் டெப்பட் பார்ப்பது?

ஆமர் வீதி நெரிசலில் மத்தியானம் அரை மணி நேரம் நின்ற ஆட்டோ ஒன்று. எஞ்சின் நின்றுவிடுகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒரே அடியில் பிடிக்கிறது. பிளக் மாற்றியாயிற்று, கார்பரேட்டர் கழுவியாயிற்று, ஆனாலும் குறை தீரவில்லை. இப்படி வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெளியேற்றும் வால்வின் டெப்பட், அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ரொக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதைச் சரியாகப் பார்க்க, பிஸ்டனின் நான்கு அடிப்பும் நடக்கும் ஒழுங்கு கையில் இருக்க வேண்டும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளெடுக்கும் வால்வு திறந்து, பெற்றோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், கலவை நெருக்கப்படும். உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி விடும். எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்கில் வலுத் தருவது இந்த அடிப்பு மட்டும்தான். பிறகு வெளியேற்றும் வால்வு திறக்க, ஏறும் பிஸ்டன் எரிந்த வாயுவை சைலன்சருக்கு அனுப்பும். இத்தனைக்கும் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று, வால்வுகளை இயக்கும் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு செக்கனுக்கு 33 தடவை திறந்து மூடுகிறது.

மூடியிருக்கும் நேரம்தான் வால்வு ஆறும் நேரம். வெளியேற்றும் வால்வின் தலை செந்தணலாகச் சூடேறும்; அந்தச் சூட்டில் பெரும்பங்கு, வால்வு சீட்டில் அழுத்தி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஹெட்டுக்குப் போகிறது. ஓட ஓட வால்வும் சீட்டும் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதன் தண்டு ரொக்கர் பக்கம் நெருங்க, இடைவெளி குறையும். முன்பு கேட்ட டிக் டிக் சத்தம் மெல்ல அடங்கிவிடும். எஞ்சின் நல்லாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். இடைவெளி முற்றாகப் போனால், சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுதாக மூடாது. நெருக்கல் கசிகிறது. அடுத்த அடிப்பில் 2000 பாகையைத் தாண்டிய வாயு அதே மெல்லிய இடுக்கால் சீறி, வால்வின் விளிம்பை அரித்துவிடுகிறது. சைலன்சரில் இடையிடையே ‘பட் பட்’ என்று வெடிப்பது இதன் அடையாளம். கார்பரேட்டர் பக்கம் திருப்பித் துப்பினால் சந்தேகம் உள்ளெடுக்கும் வால்வில்.

உறுதிப்படுத்த கொம்பிரஷன் கேஜ் போதும். எஞ்சின் சூடாக இருக்க, பிளக்கைக் கழற்றி கேஜைப் பூட்டி, அக்ஸலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்தபடி ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். அக்ஸலேட்டர் மூடியிருந்தால் காற்று உள்ளே வராது, அளவும் பொய்யாகக் குறையும். 150 பி.எஸ்.ஐ காட்ட வேண்டிய எஞ்சின் 90 காட்டுகிறது என்று வைப்போம். பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். 130க்கு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். 95இலேயே நின்றால் கசிவு வால்வில்.

இனி இடைவெளி. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். ஓடிவந்த வண்டியை நிறுத்தியவுடன் பார்க்கக் கூடாது. பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும், பிளைவீலில் உள்ள T குறி நேராக வந்ததும் பலர் இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜை நுழைத்துவிடுகிறார்கள். ஆனால் பிஸ்டன் ஒரு முழு ஒழுங்கில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. நெருக்கல் முடிவில் வரும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். வெளியேற்றல் முடிவில் வரும்போது ஒன்று மூடி முடியாமலும் மற்றது திறக்கத் தொடங்கியும் இருக்கும். இந்த இரண்டாவது உச்சியில் இடைவெளி வைத்தால், வால்வு மூடும்போது ரொக்கர் அளவுக்கு மிஞ்சித் தளர்ந்துவிடும். வால்வு குறைவாகத் திறக்கும், சத்தமும் வலுவிழப்பும் வரும்.

சரியான உச்சியைப் பிடிக்க, பிளைவீலை அது ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். உள்ளெடுக்கும் வால்வு திறந்து மூடியதைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து சுற்றி T குறிக்கு வாருங்கள். இரண்டு ரொக்கரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் சிறிதாக ஆடும். இறுகிய வால்வு ஆடாது என்பதால் ஆட்டத்தை மட்டும் நம்பாமல், உள்ளெடுக்கும் வால்வு மூடிய ஒழுங்கையே ஆதாரமாக வையுங்கள். சந்தேகமாக இருந்தால் குறியின் இரு பக்கமும் சிறிது திருப்புங்கள். ரொக்கர் அசைந்தால் அது தவறான உச்சி, இன்னும் ஒரு முழுச் சுற்று வேண்டும்.

இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிறிய எஞ்சின்களில் 0.05 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை வருவது வழக்கம். வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே எடுங்கள். தகடு லேசான உரசலோடு இழுபட வேண்டும். லொக் நட்டை இறுக்கியதும் மறுபடி அளவெடுங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடுவது உண்டு.

பிறகு சூடாக்கி கேஜைப் பூட்டுங்கள். 90 காட்டியது 145க்கு வந்தால் வால்வு தப்பிவிட்டது. 100க்கு மேல் ஏறாவிட்டால் விளிம்பு ஏற்கெனவே எரிந்திருக்கும். ஹெட்டை இறக்கி வால்வைப் பார்த்தே ஆக வேண்டும். குழி விழுந்த வால்வைத் தேய்த்துப் போடாதீர்கள். பஞ்சிகாவத்தையில் புது வால்வு வாங்கி, சீட்டைச் சரிசெய்து உட்கார வைத்தால்தான் அந்த நெருக்கல் நிற்கும்.