வளையம் வீட்டின் வயதைச் சொல்லும், கீற்று வருமானத்தைச் சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்ட வரைவைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. வரைபடத்தின் நடுவில் வணிக மையம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறங்கள். கடைசி வட்டம் வெளிர் மஞ்சள். 'எதிர்காலக் குடியிருப்பு, குறைந்த அடர்த்தி' என்று குறித்திருந்தார்கள். குடிநீர்க் குழாயின் விட்டத்தையும் அதை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அந்த மஞ்சள் பகுதியின் கிழக்குப் பக்கம் முழுக்க வீடுகள். ஒரே மனையில் இரண்டு மூன்று குடும்பங்கள். வரைவு சொன்ன அடர்த்தியைப் போல நாலு மடங்கு ஆட்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள். மேற்குப் பக்கமோ பெரிய மனைகளும் மதிற்சுவர்களுமாக வேறோர் ஊர் போல இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே குழாய்.

வரைந்தவர்கள் அசட்டையாக இருந்தவர்கள் அல்ல. படித்ததை நம்பி வரைந்தார்கள். நாம் எல்லோரும் புவியியல் வகுப்பில் முதலில் கற்கும் நகர மாதிரி அது. அது எங்கே பிறந்தது, எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று தெரியாமல் பயன்படுத்தினால் குழாய் தவறாகிவிடும்.

1925இல் சிகாகோவை வைத்து சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் பொதுமைய வளைய மாதிரியை முன்வைத்தார். நடுவில் வணிக மையம். அடுத்து, தொழிற்கூடங்களும் பழுதான வாடகை வீடுகளும் கலந்த மாறுநிலை வளையம். அப்புறம் தொழிலாளர் வீடுகள், நடுத்தர வர்க்கத்தினரின் வீடுகள், கடைசியில் தினமும் ரயிலில் வேலைக்கு வந்து போகிறவர்களின் புறநகர். பாடப்புத்தகம் இந்த ஐந்து வட்டங்களைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறது. பர்ஜெஸின் கருத்தில் முக்கியமானது வட்டம் அல்ல, அதை இயக்கும் விசை. வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைகள் மையத்தை ஒட்டிய பழைய வீடுகளில் முதலில் தங்குவார்கள். கையில் காசு சேர்ந்ததும் அடுத்த வளையத்துக்கு நகர்வார்கள். அவர்கள் விட்ட இடத்தில் புதிதாக வந்தவர்கள் நுழைவார்கள். வசதியானவர்கள் இன்னும் வெளியே போவார்கள். ஆக, எந்த வளையமும் காலப்போக்கில் ஒரு படி கீழிறங்கும்.

அந்த விசை ஓட ஒரு முன்நிபந்தனை வேண்டும். நகரின் விளிம்பில் கட்டப்படும் வீடு முதல் நாளிலேயே முழுமையான வீடாக இருக்க வேண்டும். சிகாகோவில் டிராம் தடமும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் வீடுகளோடு சேர்ந்தே வெளியே நகர்ந்தன. அதனால்தான் பணக்காரர்களால் தொலைவில் வசதியாக வாழ முடிந்தது.

1939இல் நிலப் பொருளியலாளர் ஹோமர் ஹாய்ட் வேறொரு கோணத்தில் பார்த்தார். அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகத்துக்காக 142 நகரங்களின் வாடகையைத் தெருத் தொகுதி வாரியாக வரைந்தார். வாடகை வட்டமாகப் பரவவில்லை. மையத்திலிருந்து வெளிநோக்கி விரியும் கீற்றுகளாக இருந்தது. பாடப்புத்தகம் இதை வட்டக்கோணப் பகுதி என்று சொல்லும். எனக்குக் கீற்று என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. உயர்ந்த வாடகை ஒரு பக்கத்தில் தொடங்கினால் நல்ல சாலையை ஒட்டி, மேட்டு நிலத்தை நோக்கி, வெள்ளம் வராத பக்கமாக, அதே திசையில் ஆண்டாண்டாக நீண்டுகொண்டே போகும். தொழிற்சாலை வேறொரு திசையைப் பிடிக்கும், ஏழைகள் அதன் ஓரத்தில் இருப்பார்கள்.

வளரும் நாட்டு நகரங்களுக்கு இவற்றில் எது பொருந்தும் என்ற கேள்விக்கு, 'இரண்டும் பொருந்தாது, அவை அமெரிக்காவுக்கானவை' என்ற பதிலைத்தான் தேர்வுத்தாள்களில் பார்க்கிறேன். அந்தப் பதில் போதாது என்பதுதான் என் வாதம். மெக்சிகோ நகரத்தை எடுத்துப் பார்ப்போம்.

அதன் மையம் சோகலோ சதுக்கம். அங்கிருந்து நேர் மேற்கே சுமார் 8, 9 கிலோமீட்டரில் லோமாஸ் தே சபுல்தெபெக். மரங்கள் அடர்ந்த மேட்டு நிலம், பெரிய மாளிகைகள். இதே தூரம் கிழக்கே போனால் நெசவால்கோயோத்ல் நகராட்சியின் எல்லை வந்துவிடும். டெக்ஸ்கோகோ ஏரியை வடியவிட்டபின் வெளிப்பட்ட படுகையில் எழுந்த குடியிருப்பு அது. கோடையில் உப்புப் புழுதிக்காற்று, மழைக்காலத்தில் தேங்கும் நீர். பர்ஜெஸின் அளவுகோலில் இரண்டும் ஒரே வளையம்!

ஹாய்ட் சொன்னதோ இங்கே அப்படியே பொருந்துகிறது. 1860களில் பேரரசர் மாக்சிமிலியன் காலத்தில் மையத்துக்கு அருகிலிருந்து சபுல்தெபெக் கோட்டையை நோக்கி ஓர் அகலச் சாலை போட்டார்கள். இன்றைய பாசியோ தே லா ரெஃபார்மா அது. வசதியானவர்களின் வீடுகளும், பின்னால் வங்கிகளும் ஹோட்டல்களும் அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டே மேற்கே நகர்ந்தன. 1920களில் லோமாஸ், அடுத்த பத்தாண்டில் போலாங்கோ. மேடு, நல்ல சாலை, வெள்ளமில்லாத பக்கம் என்று ஹாய்ட் பட்டியலிட்ட காரணங்கள் எல்லாமே இருந்தன.

எர்ன்ஸ்ட் கிரிஃபினும் லாரி ஃபோர்டும் 1980இல் வெளியிட்ட லத்தீன் அமெரிக்க நகர மாதிரி இதைத்தான் படமாக்குகிறது. மையத்திலிருந்து ஒரு பக்கமாக நீளும் வணிக முதுகெலும்பு, அதன் இரு புறமும் மேட்டுக்குடிக் கீற்று. மற்ற திசைகளிலெல்லாம் வளையங்கள். ஆனால் அந்த வளையங்களின் வரிசை தலைகீழ். மையத்தை ஒட்டி முதிர்ந்த, எல்லா வசதியும் உள்ள வீடுகள். அடுத்தது வளர்ந்துகொண்டிருக்கும் வீடுகள். கடைசியில் தகரமும் அட்டையும்.

வளையம் பொய்யாகவில்லை, அதன் விசைதான் திரும்பிவிட்டது. இது எப்படி நடந்தது என்பதை ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம். 1950, 60களில் மெக்சிகோ நகரத்துக்கு வந்தவர்கள் பலர் முதலில் மையத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் வாடகைக் குடியிருப்புகளில்தான் தங்கினார்கள். அதுவரை பர்ஜெஸ் சொன்னதேதான். அவற்றில் நிறைய வீடுகளுக்கு 1940களிலிருந்தே வாடகை உச்சவரம்பு இருந்ததால், உள்ளே இருந்தவர்கள் நகரவில்லை, புதியவர்களுக்கு இடம் குறைந்துகொண்டே போனது. ஏரிப் படுகையில் மனை மலிவு. தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, பத்திரமும் தெளிவில்லை. ஆனால் தவணையில் கிடைத்தது. குடும்பம் முதலில் தார் அட்டைக் கூரையோடு ஓர் அறை போட்டது. சில ஆண்டுகளில் கான்கிரீட் செங்கல் சுவர். பிறகு தளம். தளத்துக்கு மேலே தூண்களின் இரும்புக் கம்பிகள் வெட்டப்படாமல் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மாடியை மகனோ மகளோ கட்டும்போது இணைப்பதற்காக. அவற்றை 'நம்பிக்கைக் கம்பிகள்' என்று அங்கே அழைக்கிறார்கள். நெசவால்கோயோத்ல் 1963இல் தனி நகராட்சியானது. 1970களில் நிலப் பத்திரங்களை ஒழுங்குபடுத்த அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்தது. குழாயும் சாக்கடையும் வந்தன. இன்று அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மாடி வீட்டு நகரம், விளிம்பு இன்னும் வெளியே போய்விட்டது.

சிகாகோவில் வீடு முழுமையாகப் பிறந்து தேய்ந்தது. இங்கே அரைகுறையாகப் பிறந்து வளர்கிறது. அங்கே குழாய் வீட்டோடு வந்தது, இங்கே பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆகவே இங்கே மையத்திலிருந்து உள்ள தூரம் முதலில் சொல்வது குடியிருப்பின் வயதை. வருமானத்தைச் சொல்வது திசை. இது தெரியாத திட்டம் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யும். விளிம்பின் அட்டை வீடுகளை பர்ஜெஸின் தேயும் வளையமாக நினைத்து இடித்துத் தள்ளும், அதாவது வளரும் வீட்டை முளையிலேயே கிள்ளும். இல்லையென்றால் எங்களுக்கு வந்த வரைவு போல, விளிம்பை வசதியானவர்களின் அகன்ற மனை வளையமாக நினைத்துச் சின்னக் குழாய் போடும்.

உங்கள் கையில் உள்ள நகரம் எப்படி என்று கண்டுபிடிக்க பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரப் புள்ளிவிவரம் போதும். வரைபடத்தில் 3 கிலோமீட்டர் இடைவெளியில் வளையங்கள் போடுங்கள், அதன்மேல் எட்டுக் கீற்றுகள் வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு சராசரிகளை மட்டும் எடுங்கள். ஒன்று, பள்ளிப் படிப்பை முடித்த குடும்பத் தலைவர்களின் விகிதம். மற்றொன்று, வீட்டுக்குள் குழாய் உள்ள வீடுகளின் விகிதம். முதலாவது வருமானத்துக்கு மாற்று அளவு, இரண்டாவது குடியிருப்பின் முதிர்ச்சிக்கு. பிறகு ஒரே வளையத்துக்குள் எண் எவ்வளவு மாறுகிறது, ஒரே கீற்றுக்குள் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். படிப்பு கீற்றுக்குக் கீற்று தாவி, குழாய் ஏழைக் கீற்றுக்குள் வளையத்துக்கு வளையம் குறைந்துகொண்டே போனால் மெக்சிகோ நகரத்தின் கதைதான் உங்கள் ஊரிலும். ராபர்ட் மர்டி 1969இல் டொராண்டோவில் பொருளாதார நிலை கீற்றாகவும் குடும்ப அமைப்பு வளையமாகவும் பிரிவதைக் காட்டினார். ஆக, இரண்டு மாதிரிகளும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல, வேறு வேறு விஷயத்தை அளப்பவை.

வளையச் சராசரியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. மேற்கில் படிப்பு 80 சதவீதம், கிழக்கில் 20, இரு பக்கமும் குடும்பங்களின் எண்ணிக்கை சமம். வளையத்தின் சராசரி 50. அந்த 50 எந்தத் தெருவிலும் இல்லை. அதை நம்பி வடிவமைத்த பள்ளியும் பேருந்துத் தடமும் யாருக்கும் பொருந்தாது.

இந்தச் சோதனையிலும் ஓட்டைகள் உண்டு. மெக்சிகோ நகரத்தின் மேற்கு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. மேலே மாளிகை, கீழே சரிவில் ஏழைக் குடியிருப்பு. எட்டுக் கீற்று வெட்டினால் இரண்டும் ஒரே கட்டத்தில் கலந்து மறைந்துவிடும். கட்டத்துக்குள்ளேயே எண்கள் பெரிதாகச் சிதறினால் அங்கே சராசரியை நம்பாமல் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2000களில் அரசுக் கடன் உதவியோடு கட்டுமான நிறுவனங்கள் நகரிலிருந்து வெகு தூரத்தில் வரிசை வரிசையாகச் சின்ன வீடுகளைக் கட்டின. அவை முழுமையாகப் பிறந்த வீடுகள்தான், ஆனால் வேலையும் பேருந்தும் அருகில் இல்லாததால் பல பூட்டிக் கிடந்தன. 2010 கணக்கெடுப்பில் மெக்சிகோ முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. 'விளிம்பில் எப்போதும் வளரும் வீடு' என்று நினைத்தால் இங்கே ஏமாறுவோம்.

அந்த வரைவில் கடைசியில் நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். வெளி வளையத்தை ஒரே நிறமாக விடாமல் கீற்றுகளாக வெட்டினோம். கிழக்குக் கீற்றில், ஏற்கெனவே இருந்த வீடுகளுக்கும் வெளியே, புது வீடுகள் வருவதற்கு முன்பே சாலைகளுக்கும் குழாய்க்குமான இடத்தை நேர்கோட்டில் ஒதுக்கி, கல் நட்டோம். நெசவால்கோயோத்லில் பின்னாளில் குழாய் பதிப்பது கொஞ்சம் எளிதானதற்கு, ஆரம்பத்திலேயே மனைகளைச் சதுரம் சதுரமாக, அகலத் தெருக்களோடு பிரித்திருந்தது ஒரு முக்கியக் காரணம். பள்ளத்தாக்குச் சரிவுகளில் அப்படித் தெரு விடப்படவில்லை, அங்கே குழாய் போட வீட்டையே இடிக்க வேண்டிவரும்.