முதிர்வை நெருங்கும் நகைக்கடன்: வட்டியை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

சிறிய அளவில் நகைக்கடன் வழங்கும் ஒருவரிடம் கணக்கு எழுதும் வாசகர் கேட்டிருக்கிறார்: முதிர்வை நெருங்கும் கடன்களின் பட்டியலைக் கணினியில் எடுத்தால், கையால் போட்ட வட்டியிலிருந்து சில ரூபாய் வேறுபடுவது ஏன்?

பட்டியலைத் திரட்டுவது எளிது. பேரேட்டில் இன்னும் மீட்கப்படாத கடன்களில், அடுத்த 30 நாட்களுக்குள் முதிர்வு நாள் வருபவற்றை எடுத்தால் போதும். ஆனால் "இன்று முதல்" என்று தொடக்க எல்லை வைத்தால், நாள் கடந்தும் மீட்கப்படாத கடன்கள் விடுபட்டுவிடும்.

வேறுபாடு பிறப்பது வட்டிக் கணக்கில். 2025 மார்ச் 10 அன்று, ஆண்டுக்கு 18 சதவீதத் தனிவட்டிக்கு, ஆறு மாதத் தவணையில் 1,00,000 ரூபாய் கடன் வழங்கப்பட்டதாகக் கொள்வோம். ஜூன் 9 அன்று கடன் பெற்றவர் 5,000 ரூபாய் செலுத்துகிறார். அதுவரை ஓடிய 91 நாட்களுக்கு, ஆண்டை 365 நாட்களாகக் கொண்டால், வட்டி 4,487.67 ரூபாய். செலுத்திய பணத்தை முதலில் வட்டியில் வரவு வைத்து, எஞ்சிய 512.33 ரூபாயை அசலில் கழிப்பது வழக்கமான முறை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது: அந்த நாளோடு பழைய கணக்கு முடிந்து, 99,487.67 ரூபாய் அசலில் புதிய கணக்கு தொடங்குகிறது. வட்டியின் நாட்களும் மறுபடி சுழியத்திலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகஸ்ட் 20 அன்று பட்டியல் எடுத்தால், 72 நாட்களுக்குச் சேர்ந்த வட்டி 3,532.49 ரூபாய்; மொத்த நிலுவை 1,03,020.16 ரூபாய்.

மாறாக, அடகு வைத்த நாளிலிருந்து 163 நாட்களுக்கும் முழு அசலின் மீது வட்டி போட்டு, இறுதியில் 5,000 ரூபாயைக் கழித்தால் நிலுவை 1,03,038.36 ரூபாய் ஆகிறது. கூடுதலாக வரும் சுமார் 18 ரூபாய், அசலில் ஏற்கெனவே கழிந்துவிட்ட 512.33 ரூபாய்க்கு 72 நாட்களுக்குப் போடப்பட்ட வட்டியே ஆகும். வேறுபாட்டை இப்படிப் பிரித்துப் பார்த்தால் பிழையின் இடம் உறுதியாகத் தெரிந்துவிடும். தொகை சிறியதுதான், ஆயினும் அசலில் கழியும் தொகைக்கும் நாட்களுக்கும் ஏற்ப அது வளரும், கடன் பெற்றவருக்கே பாதகமாகவும் அமையும்.

ஜூன் 9 அன்று 3,000 ரூபாய் மட்டுமே வந்திருந்தால் அசல் குறையாது, எஞ்சிய 1,487.67 ரூபாயை நிலுவை வட்டியாகத் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். அதை அசலோடு சேர்த்தால் தனிவட்டி ஓசையின்றிக் கூட்டுவட்டியாகிவிடும்.

எனவே, பட்டியலில் கடைசியாக வரவு வைத்த நாளும் அன்றைய அசலும் கட்டாயம் அச்சாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவை இருந்தால், இன்றுவரை சேர்ந்த வட்டியையும், செப்டம்பர் 10 அன்று முதிரும்போது சேரவிருக்கும் 4,562.80 ரூபாயையும் எவரும் கையால் சரிபார்க்கலாம்.